தீபாவளி எந்த மாதத்தில் விழுந்தது?

எங்கள் ஏஜென்சி ராஜபாளையத்தில் இருக்கிறது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள். மீதிப் பேர் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில். இணைய விளம்பரம், கூகுள் மேப்பில் கடையின் பக்கம், வாட்ஸப் ஆர்டர் இவற்றையெல்லாம் மாதம் முழுக்கப் பார்த்துக்கொண்டாலும், அடுத்த மாதமும் எங்களுக்கு வேலை இருக்குமா என்பதை முடிவு செய்வது ஒவ்வொரு மாதமும் நாங்கள் கொடுக்கும் ரிப்போர்ட்தான். வாடிக்கையாளர் நம் வேலையைப் பார்ப்பதில்லை, ரிப்போர்ட்டைத்தான் பார்க்கிறார்.

வருடத்தின் பன்னிரண்டு ரிப்போர்ட்களில் மிகக் கடினமானது அக்டோபர் மாதத்துடையது. அதை எப்படித் தயாரிக்கிறேன் என்பதை ஒரு பால்கோவாக் கடையின் 2025 அக்டோபர் ரிப்போர்ட்டை வைத்துச் சொல்கிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எண்களையும் அப்படியே தரவில்லை. கணக்கின் போக்கு மாறாதபடி மாற்றியிருக்கிறேன்.

கடை முதலாளியை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ரிப்போர்ட்டை அவருக்கு ஏ4 தாளில் அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். சென்னையில் வேலை பார்க்கும் அவர் மகனுக்கு அதே ரிப்போர்ட் பிடிஎஃப்பாக வாட்ஸப்பில் போக வேண்டும். மகன் அட்டவணைகளைப் பார்ப்பார். அண்ணாச்சி முதல் பக்கத்தைத் தாண்ட மாட்டார். "ஏம்மா, இவ்வளவு கட்டம் போட்டிருக்க. கூடிருக்கா, குறைஞ்சிருக்கா? அடுத்த மாசம் எவ்வளவு போடணும்? அதைச் சொல்லு" என்பார். இந்த இரண்டு கேள்விகளுக்கும் முதல் பக்கத்தில், தமிழில், பத்தியாகப் பதில் இருந்தாக வேண்டும். அட்டவணைகள் எல்லாம் அந்தப் பத்திக்குச் சாட்சிகள். அவை பின்பக்கங்களில் இருந்தால் போதும்.

மாதம் முடிந்த மறுநாளே ரிப்போர்ட் அனுப்பும் ஏஜென்சிகள் உண்டு. சுறுசுறுப்பாகத் தெரியும். ஆனால் ஒன்றாம் தேதி எடுத்த எண்ணும் எட்டாம் தேதி எடுத்த எண்ணும் ஒன்றாக இருப்பதில்லை. கூகுள் சர்ச் கன்சோலில் கடைசி இரண்டு மூன்று நாள் கணக்கு தாமதமாகத்தான் வந்து சேரும். மெட்டா விளம்பரக் கணக்கோ, வேறு அமைப்பு எதுவும் செய்யாவிட்டால், விளம்பரத்தைத் தொட்டவர் ஏழு நாளுக்குள் வாங்கினால் அந்த ஆர்டரைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். 31ஆம் தேதி விளம்பரத்தைத் தொட்டவர் அடுத்த வாரம் வாங்கினால், அது அக்டோபர் 31இன் கணக்கில் போய்ச் சேரும். அதனால் என் ரிப்போர்ட் எட்டாம் தேதிதான் போகும். தாமதத்துக்கான காரணத்தை முதல் மாதமே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நான் முதலில் கேட்டு வாங்குவது கூகுள் கணக்கையோ மெட்டா கணக்கையோ அல்ல. கடையின் ஆர்டர் நோட்டை. இணையதளம், வாட்ஸப், ஃபோன் என்று எந்த வழியாக வந்தாலும், கூரியரில் போன ஒவ்வொரு பார்சலும் அதில் ஒரு வரியாக இருக்கும்: தேதி, பின்கோடு, தொகை, திரும்பி வந்ததா இல்லையா. 2025 அக்டோபரில் அப்படி 612 ஆர்டர்கள். அதே மாதம் மெட்டா தன்னால் வந்தவை 395 என்றது. கூகுள் விளம்பரக் கணக்கு 190 என்றது. வாட்ஸப்பில் பேசும் கடைப் பையன் 'பழைய ஆள்' என்று குறித்து வைத்தவர்கள் 160 பேர். கூட்டினால் 745. கடையிலிருந்து போகாத 133 பார்சல்கள் இவர்கள் கணக்கில் இருந்தன.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் இன்ஸ்டாகிராமில் விளம்பரத்தைத் தொடுகிறார், இரண்டு நாள் கழித்து கூகுளில் தேடி உள்ளே வருகிறார், கடைசியில் வாட்ஸப்பில் ஆர்டர் சொல்கிறார். மூன்று பேரும் அந்த ஒரு ஆர்டருக்கு உரிமை கேட்கிறார்கள். அதனால் எத்தனை ஆர்டர் என்ற கேள்விக்கு ஆர்டர் நோட்டு மட்டும்தான் பதில் சொல்லும். மெட்டாவும் கூகுளும் கொடுக்கும் எண்களை, எந்த விளம்பரம் மற்றதைவிட நன்றாக ஓடியது என்று ஒரே கணக்குக்குள் ஒப்பிட மட்டும் பயன்படுத்துகிறேன். ஏஜென்சியின் பங்கு பெரிதாகத் தெரிய வேண்டுமென்று 395ஐ முதல் பக்கத்தில் போடும் ஆசை வரும். போட்டால், என்றாவது ஒருநாள் அண்ணாச்சி கூரியர் பில்லை எடுத்து வைத்து எண்ணிப் பார்ப்பார். அதன் பிறகு நாம் சொல்லும் எந்த எண்ணையும் நம்ப மாட்டார்.

செலவிலும் இப்படி ஒரு இடறல் உண்டு. மெட்டாவும் கூகுளும் திரையில் காட்டும் விளம்பரச் செலவில் ஜிஎஸ்டி சேராது. அந்த மாதம் இரண்டிலும் சேர்த்துத் திரையில் இருந்தது ₹1,00,000. அண்ணாச்சியின் வங்கிக் கணக்கிலிருந்து போனது, 18 சதவீத வரியோடு, ₹1,18,000. வரியைத் திரும்பப் பெற முடியுமா என்பது ஆடிட்டர் சொல்ல வேண்டியது. ரிப்போர்ட்டில் நான் போடுவது வங்கியில் கழிந்த தொகையை. அவர் கண்ணுக்குத் தெரியும் எண்ணும் என் தாளில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி ஒப்பீடு. பெஞ்ச்மார்க் என்று நாங்கள் சொல்வது. ஒரு எண் தனியாக நின்றால் அதற்கு அர்த்தம் கிடையாது. எதோடு வைத்துப் பார்க்கிறோம் என்பதில்தான் கூடியதா குறைந்ததா என்பது இருக்கிறது. 612 என்பது செப்டம்பரின் 240ஐவிட இரண்டரை மடங்கு. தீபாவளி மாதத்தை அதற்கு முந்தைய மாதத்தோடு வைத்துப் பார்த்து மார்தட்டுவதில் அர்த்தமில்லை என்று அண்ணாச்சிக்கே தெரியும். அதனால் எல்லோரும் சென்ற வருடத்தின் அதே மாதத்தை எடுப்பார்கள். 2024 அக்டோபரில் 640 ஆர்டர். அப்படிப் பார்த்தால் இந்த வருடம் நான்கு சதவீதத்துக்கு மேல் குறைவு. விளம்பரக் கணக்கின் திரையும் சிவப்பில் அதையேதான் காட்டும்.

அந்தச் சிவப்பை அப்படியே ரிப்போர்ட்டில் ஒட்டியிருந்தால் அண்ணாச்சி விளம்பரத்தை நிறுத்தச் சொல்லியிருப்பார். சொல்வது நியாயமும்கூட. ஆனால் கேள்வியே தவறு. 2024இல் தீபாவளி அக்டோபர் 31. பண்டிகைக்கு முன்னால் வரும் விற்பனை முழுவதும் அக்டோபருக்குள்ளேயே அடங்கிவிட்டது. 2025இல் தீபாவளி அக்டோபர் 20. பண்டிகைக்கு மறுநாளிலிருந்து இனிப்பு ஆர்டர் படுத்துவிடும். அந்தப் படுத்த நாள்கள் இந்த வருடம் அக்டோபரில் விழுந்தன, சென்ற வருடம் நவம்பரில். அதற்கு முந்தைய வருடம், 2023இல், தீபாவளி நவம்பர் 12. அந்த வருடத்தின் அக்டோபரை எடுத்தால் ஒப்பீடு இன்னும் கோணலாகும். நம் ஊர்ப் பண்டிகைகள் ஆங்கில மாதத்தைக் கேட்டு வருவதில்லை. ஆனால் ரிப்போர்ட் எழுதும் கருவிகள் எல்லாம் ஆங்கில மாதத்தை மட்டுமே அறிந்தவை.

நான் செய்வது இதுதான். ஆர்டர் நோட்டை ஒரு கூகுள் ஷீட்டில் ஏற்றி, ஒவ்வொரு ஆர்டருக்கும் பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்க்கிறேன்: தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள்? தேதி A நெடுவரிசையில் இருந்தால், E நெடுவரிசையில் இது:

```
=A2-DATE(2025,10,20)
```

பண்டிகைக்கு முந்தைய நாள் −1 என்று வரும், மூன்று வாரத்துக்கு முந்தைய நாள் −21 என்று வரும். 2024க்கு உரிய தாளில் DATE(2024,10,31). பிறகு −21 முதல் −1 வரை எத்தனை வரிகள் என்று எண்ண வேண்டியதுதான்:

```
=COUNTIFS(E:E,">=-21",E:E,"<=-1")
```

ஏன் இருபத்தொரு நாள்? ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் இடையில் ஏறக்குறைய இருபது நாள் இருக்கும். 2023இல் ஆயுத பூஜை அக்டோபர் 23, தீபாவளி நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 11, அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 1, அக்டோபர் 20. இரண்டும் சந்திரனைப் பார்த்து வருபவை என்பதால் சேர்ந்தே நகர்கின்றன. பட்டறைகளும் மில்களும் ஆயுத பூஜைக்கு மொத்தமாக வாங்கும் ஆர்டரும், வீடுகளும் அலுவலகங்களும் தீபாவளிக்கு வாங்கும் ஆர்டரும் இந்த ஒரே சன்னலுக்குள் வந்துவிடும். இதைப் பதினைந்து நாளாகச் சுருக்கினால் ஆயுத பூஜை விடுபடும். முப்பது நாளாக நீட்டினால் சாதாரண நாள்கள் கலந்து, பண்டிகையின் உயரம் மழுங்கும்.

2024இன் சன்னல் அக்டோபர் 10 முதல் 30 வரை. அதில் 545 ஆர்டர். 2025இன் சன்னல் செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 19 வரை. அதில் 580. குறைவு என்று சொன்ன அதே விற்பனை, சரியான நாள்களை எதிரெதிரே வைத்ததும், ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுதலாகிவிட்டது. எண் எதையும் நான் மாற்றவில்லை. எந்த நாளை எந்த நாளோடு வைப்பது என்பதை மட்டும் மாற்றினேன்.

இதற்கு ஒரு முன்னேற்பாடு வேண்டும். சர்ச் கன்சோல் பதினாறு மாதக் கணக்கைத்தான் வைத்திருக்கும். 2025 நவம்பரில் உட்கார்ந்துகொண்டு 2023 தீபாவளியின் தேடல் எண்களைக் கேட்டால் அங்கே இருக்காது. யூனிவர்சல் அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1 அன்று நின்ற பிறகு, பழைய கணக்கை இறக்கி வைக்காதவர்கள் பலர் வருடக்கணக்கான ஒப்பீட்டை இழந்தார்கள். அதனால் ஒவ்வொரு மாதமும் ரிப்போர்ட்டின் முதல் வேலையாக நாள்வாரி எண்களை இறக்கி, வாடிக்கையாளர் பெயரில் இருக்கும் ஷீட்டில் போட்டுவிடுகிறேன். ஏஜென்சி மாறினாலும் அந்த ஷீட் அவரிடம் இருக்க வேண்டும். கூகுள் அனலிடிக்ஸைத் தொடங்கும்போது நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றியிருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிடுவதும் நல்லது. அமெரிக்க நேரத்தில் ஓடும் கணக்கில், தீபாவளி அன்று காலையில் வந்த ஆர்டர் முந்தைய நாளில் போய் உட்கார்ந்திருக்கும்.

வெளியிலிருந்து வரும் பெஞ்ச்மார்க் பற்றியும் சொல்ல வேண்டும். உணவுத் துறையில் சராசரி இவ்வளவு பேர் விளம்பரத்தைத் தொடுகிறார்கள், இவ்வளவு பேர் வாங்குகிறார்கள் என்று இணையத்தில் பட்டியல்கள் கிடைக்கும். பெரும்பாலும் வெளிநாட்டு விளம்பரக் கணக்குகளிலிருந்து எடுத்தவை. சில நாளில் கெட்டுவிடும் ஒரு பால் இனிப்பை, கூரியரில், ஊர்ப் பெயரை நம்பி விற்கும் கடைக்கு அந்தச் சராசரி எந்த வழியும் காட்டாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள். விளம்பரமே இல்லாமல் `srivilliputhur palkova` என்று தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் தெரியாத ஒரு பிஸ்கட் கம்பெனியின் சராசரியோடு அண்ணாச்சியை நிறுத்துவது இருவருக்கும் அநியாயம். அப்படிப்பட்ட பட்டியலை நான் ரிப்போர்ட்டில் சேர்ப்பதே இல்லை.

அதற்குப் பதிலாக நான் வைத்திருக்கும் பெஞ்ச்மார்க் கடையின் சொந்தக் கணக்கிலிருந்து வருவது. ஒரு ஆர்டரின் சராசரித் தொகை ₹900. பால், சர்க்கரை, விறகு, கூலி, டப்பா, கூரியர் எல்லாம் போக அண்ணாச்சி கையில் நிற்பது ₹270. ஆக, ஒரு ஆர்டரைக் கொண்டுவர விளம்பரத்துக்கு ₹270க்கு மேல் ஆனால் அந்த ஆர்டர் நட்டம். இந்த எண்ணை அவரிடமிருந்து வாங்குவதற்கு எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. லாபக் கணக்கை ஒரு விளம்பர ஏஜென்சியிடம் யாரும் எளிதில் சொல்ல மாட்டார்கள். ஆனால் அது இல்லாத ரிப்போர்ட், எந்த மாதமும் நல்ல மாதமா கெட்ட மாதமா என்று சொல்ல முடியாத ரிப்போர்ட்.

₹1,18,000ஐ 612ஆல் வகுத்தால் ஆர்டருக்கு ₹193. எல்லைக்குள்தான் இருக்கிறது, மாதம் நல்ல மாதம் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அது இரண்டு வேறு காலங்களைக் கலந்த சராசரி. பிரித்துப் பார்த்தேன். அக்டோபர் 1 முதல் 19 வரை ஆர்டர் 540, செலவு ₹89,680, ஆர்டருக்கு ₹166. அக்டோபர் 20 முதல் 31 வரை ஆர்டர் வெறும் 72, செலவு ₹28,320, ஆர்டருக்கு ₹393. பண்டிகை முடிந்தும் கல்யாண ஆர்டர் வரும் என்ற நம்பிக்கையில் விளம்பரத்தைத் தொடர்வது என்று அண்ணாச்சியும் மகனும் நாங்களும் சேர்ந்து எடுத்த முடிவு அது. அந்தப் பன்னிரண்டு நாளும் ஒவ்வொரு ஆர்டரும் ₹123 நட்டத்தில் போயிருக்கிறது. அந்த மாதத்து ரிப்போர்ட்டில் மிகவும் பயனுள்ள வரி இதுதான். மொத்தச் சராசரிக்குள் அது மறைந்து கிடந்தது.

அடுத்த கேள்வி, ஆறு சதவீதம் ஏன் கூடியது? எங்கள் தொழிலில் காரணம் சொல்வது மிக எளிது, சரியான காரணம் சொல்வது மிகக் கடினம். அந்த மாதம் புது வீடியோ ஒன்று போட்டிருந்தோம். அண்ணாச்சியின் சமையல்கூடத்தில் பால் சுண்டுவதைக் காட்டும் வீடியோ. நிறையப் பேர் பார்த்தார்கள். அதனால்தான் கூடியது என்று எழுத எல்லோருக்கும் கை பரபரத்தது. ஆனால் பார்த்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். வீடியோதான் காரணம் என்றால் எல்லா ஊரிலும் ஆர்டர் கூடியிருக்க வேண்டும்.

பின்கோடை வைத்துப் பிரித்தேன். 2024 சன்னலில் பெங்களூருக்குப் போனவை 60, மற்ற ஊர்களுக்கு 485. 2025 சன்னலில் பெங்களூருக்கு 105, மற்ற ஊர்களுக்கு 475. கூடுதல் முழுவதும் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறது. மற்ற இடங்களில் பத்து ஆர்டர் குறைவு, அதாவது ஏறக்குறைய அதே அளவு. அக்டோபர் 3ஆம் தேதி பெங்களூரில் இருக்கும் தமிழர்களுக்கென்று தனியாக ஒரு விளம்பரம் தொடங்கியிருந்தோம். நாள்வாரியாகப் பார்த்தால் பெங்களூர் ஆர்டர் ஏறியது அந்த வாரத்தில்தான். விலையோ கூரியரோ அந்த ஊருக்கு மட்டும் மாறவில்லை என்பதைக் கடையில் கேட்டு உறுதி செய்தேன். இவ்வளவுக்குப் பிறகும் நான் எழுதியது 'மிகப் பெரும்பாலும்' என்ற சொல்லோடுதான். மற்றொரு கடை பெங்களூருக்கு அனுப்புவதை அந்தச் சமயம் நிறுத்தியிருந்தால், அதனாலும் இப்படி நடந்திருக்கலாம். அது எங்கள் கணக்கில் தெரியாது.

ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் போன பத்தி இது:

'தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் 580 ஆர்டர்கள். சென்ற தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் 545. இந்தக் கூடுதல் மிகப் பெரும்பாலும் பெங்களூருக்கென்று தொடங்கிய விளம்பரத்தால் வந்தது. மற்ற ஊர்களில் விற்பனை சென்ற வருட அளவிலேயே இருக்கிறது. தீபாவளி அன்று தொடங்கி மாதக் கடைசி வரை விளம்பரம் செய்ததில் ஒரு ஆர்டருக்கு ₹393 செலவாகியிருக்கிறது; நம் எல்லை ₹270. மாதக் கணக்காகப் பார்த்தால் சென்ற அக்டோபரைவிட 28 ஆர்டர் குறைவாகத் தெரியும். சென்ற வருடம் தீபாவளி மாதக் கடைசியில் வந்ததே அதற்குக் காரணம். நவம்பரில் கூரியர் விற்பனைக்கான விளம்பரத்தைக் குறைத்து, சாலை வழியாகக் கடைக்கு வருபவர்கள் மீது கவனம் வைக்கலாம் என்பது எங்கள் யோசனை.'

அவ்வளவுதான். அண்ணாச்சி இதை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். குறைவாகத் தெரியும் எண்ணை நானே முன்வந்து எழுதியிருந்ததால், அதைப் பற்றி அவர் கேள்வி கேட்கவில்லை. "அந்தப் பன்னெண்டு நாளைக்கு முன்னாடியே நிறுத்தியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார். "அடுத்த வருஷம் பண்டிகைக்கு மூணு நாள் முன்னாடியே நின்னுரும் அண்ணாச்சி, கூரியர் போய்ச் சேரணும்ல" என்றேன். ஷீட்டில் அடுத்த வருடத்துக்கான குறிப்பாக அதை அங்கேயே எழுதினோம்.

இந்தக் கணக்கெல்லாம் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருக்கும்போதுதான் செல்லும். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியும் மருத்துவப் பஞ்சும் செய்யும் ஒரு கம்பெனிக்கும் நாங்கள் வேலை செய்கிறோம். பக்கத்தில் சத்திரப்பட்டித் தறிகளிலிருந்து துணி எடுத்து, வெளுத்து, சுருட்டி, மருத்துவமனைகளுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் அனுப்புகிறவர்கள். அவர்களுக்கு இணையம் வழியாக ஒரு மாதத்தில் வரும் விசாரணை ஒன்பது, அடுத்த மாதம் ஆறு என்று இருக்கும். திரை '33 சதவீதம் சரிவு' என்று காட்டும். மூன்று பேர் கேட்கவில்லை என்பதற்குமேல் அதில் எதுவுமில்லை. இந்த ரிப்போர்ட்டில் சதவீதமே போடுவதில்லை. முப்பதுக்குக் கீழே இருக்கும் எந்த எண்ணையும் எண்ணாகவே எழுதுகிறோம். மூன்று மாதத்தைச் சேர்த்து முந்தைய மூன்று மாதத்தோடு வைக்கிறோம். விசாரணை எத்தனை என்பதைவிட, அதில் சாம்பிள் கேட்டவர் எத்தனை, விலைப்புள்ளி வாங்கியவர் எத்தனை, ஆர்டர் போட்டவர் யார் என்று பெயரோடு எழுதுகிறோம். ஆறு பேரில் ஒருவர் மருத்துவமனைக் கொள்முதல்காரராக இருந்தால், முதல் பக்கத்தில் அவரைப் பற்றித்தான் பத்தி.

பால்கோவாக் கடைக்குத் திரும்புகிறேன். அடுத்த மாதத் திட்டம் என்ற பகுதியை ரிப்போர்ட்டின் கடைசியில் ஒட்டிவைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது: 'பதிவுகளை அதிகரிப்போம், ஈடுபாட்டை மேம்படுத்துவோம்.' எந்த மாதத்துக்கும் எந்தக் கடைக்கும் பொருந்தும் வரிகள் திட்டம் ஆகாது. என் திட்டத்தில் இரண்டு அல்லது மூன்று வேலைகள்தான் இருக்கும். ஒவ்வொன்றும் முதல் பக்கத்துப் பத்தியில் இருக்கும் ஏதாவது ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும். யார் செய்வது, எந்தத் தேதிக்குள், எந்த எண் எவ்வளவு நகர வேண்டும், எது நடந்தால் நிறுத்துவோம் என்பவையும் கூடவே இருக்க வேண்டும்.

நவம்பருக்கு முதல் வேலை, கூரியர் விளம்பரத்தைப் பெங்களூருக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஊர்களில் நிறுத்துவது. நாளுக்கு ₹500, வரி தனி. ஏழு நாள் கணக்கில் ஆர்டருக்கு ₹270ஐத் தாண்டினால் அதுவும் நிற்கும். இந்த நிறுத்தும் விதியை முன்கூட்டியே எழுதி வைப்பதில் பெரிய நிம்மதி இருக்கிறது. மாத நடுவில் இன்னும் இரண்டு நாள் பார்ப்போமே என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

இரண்டாவது வேலை சாலையைப் பற்றியது. நவம்பர் 17இல் கார்த்திகை பிறக்கிறது. மாலை போட்டவர்களின் வேன்கள் திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குள் போகும். கொல்லம் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 744 அது. தை மாதம் வரை இந்த ஓட்டம் இருக்கும். இவர்கள் யாரும் கூரியரில் வாங்குகிறவர்கள் அல்ல. வண்டியில் உட்கார்ந்து மேப்பில் தேடி, வழியில் நிறுத்தி வாங்குகிறவர்கள். ஆண்டாள் கோயிலுக்கு வந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும், வேன் நிற்க இடம் இருக்கிறதா என்ற இரண்டும் தெரிந்தால் போதும். ஆகவே நவம்பர் 12க்குள் கடை முன்னால் வேன் நிற்கும் இடத்தைப் படமெடுத்து அனுப்புவது அண்ணாச்சியின் பொறுப்பு. சீசனுக்குரிய நேரத்தைக் கூகுள் பக்கத்தில் மாற்றி, அந்தப் படங்களை ஏற்றி, வந்து கிடக்கும் பதில் எழுதாத விமர்சனங்களுக்கு 16ஆம் தேதிக்குள் பதில் எழுதுவது எங்கள் பொறுப்பு. இதற்கு விளம்பரச் செலவு கிடையாது.

அளப்பது, கடையின் கூகுள் பக்கத்தில் வழி கேட்டவர்களின் எண்ணிக்கையை. இங்கேயும் நவம்பரை நவம்பரோடு வைப்பதில்லை. கார்த்திகை முதல் நாளிலிருந்து இரண்டு வாரத்தை, சென்ற கார்த்திகையின் முதல் இரண்டு வாரத்தோடு வைப்போம். கார்த்திகை சூரியனைப் பார்த்து வரும் மாதம் என்பதால் ஆங்கிலத் தேதி ஒரு நாளுக்குமேல் நகராது. தீபாவளியைப் போல் தொல்லை தராது. ஆனால் வழி கேட்டவர் எல்லோரும் வாங்கினார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் வெளியூர் வேனில் வந்து வாங்குகிறவர்களைக் கல்லாவில் ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணும்படி கேட்டுக்கொண்டோம். கூட்டம் அதிகமான நேரத்தில் கோடு விட்டுப்போகும். அது குறைவாகத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. அந்த வகையில் நம்பலாம்.

மூன்றாவது வேலை என்று மகன் ஒன்று கேட்டார்: இன்ஸ்டாகிராமில் பின்தொடர்பவர்களைக் கூட்ட வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் திட்டத்தில் சேர்க்காமல், 'செய்வோம், ஆனால் இந்த மாதம் அளக்க மாட்டோம்' என்று தனி வரியாக எழுதினேன். எந்த முடிவையும் மாற்றாத எண்ணுக்கு ரிப்போர்ட்டில் இடம் கொடுத்தால், அடுத்த மாதம் அதைப் பற்றித்தான் அரை மணி நேரம் பேச வேண்டியிருக்கும்.

இதே தொழிலில் நம் பக்கத்து ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2026இல் தீபாவளி நவம்பர் 8. இருபத்தொரு நாள் சன்னல் அக்டோபர் 18 முதல் நவம்பர் 7 வரை. பதினான்கு நாள் அக்டோபரில், ஏழு நாள் நவம்பரில். இனிப்போ துணியோ விற்கும் உங்கள் வாடிக்கையாளரின் அக்டோபர் ரிப்போர்ட் சரிவையும், நவம்பர் ரிப்போர்ட் பாய்ச்சலையும் காட்டப் போகின்றன. இரண்டுமே உண்மையாக இருக்காது. செப்டம்பர் ரிப்போர்ட்டிலேயே இதை அவருக்கு ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.